கேப்ஷன் டெம்ப்ளேட் சொதப்பும்போது: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

இது வீடியோவின் மேல் ஓடும் எழுத்தைப் பற்றியது. தனி ஆளாக தினம் ஒரு ரீல்ஸோ ஷார்ட்ஸோ போடுகிறவர், ஒருமுறை கேப்ஷன் டெம்ப்ளேட் செய்து வைத்துக்கொண்டு, மறுநாள் வார்த்தையை மட்டும் மாற்றி ஏற்றிவிடலாம் என்றுதான் ஆரம்பிக்கிறார். பத்துப் பதினைந்து நாளில் ஏதாவது ஒன்று பிசகுகிறது. பிசகுகள் பெரும்பாலும் இங்கே சொல்லியிருக்கும் ஆறுக்குள் அடங்கிவிடும். உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசும் நேரமும் செலவாகாத காரணம் முதலிலும் செலவு வைப்பது கடைசியிலும் இருக்கிறது. அந்த வரிசையிலேயே பாருங்கள்.

எல்லா இடத்திலும் ஒரே உதாரணத்தை வைத்திருக்கிறோம். வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் அன்றைய காய்கறி விலையைச் சொல்லும் 35 விநாடி வீடியோ. தினமும் மாறுவது மூன்றே: காயின் பெயர், விலை, தேதி. மற்றதெல்லாம் டெம்ப்ளேட்டில் அப்படியே கிடக்கும்.

அந்த டெம்ப்ளேட்டின் அளவுகளை முதலில் சொல்லிவிடுகிறோம். திரை 1080 × 1920. அதற்குள் எழுத்து வரக்கூடிய பெட்டி, இடமிருந்து 100 முதல் 940 வரை, மேலிருந்து 300 முதல் 1240 வரை. எழுத்து அளவு 64, வரி இடைவெளி 1.35, ஒரு கார்டுக்கு இரண்டே வரி. ஃபான்ட் நோட்டோ சான்ஸ் தமிழ், தடித்த வகை. இலவசமாகக் கிடைக்கும் ஹிந்த் மதுரை, முக்தா மலர், கேட்டமரான் ஆகியவையும் இதற்குச் சரியாக வரும். இந்த எண்கள் ஏன் என்பது கீழே அந்தந்த இடத்தில் வரும்.

## அறிகுறி 1: எழுத்து உடைகிறது

முதலில் எப்படி உடைகிறது என்று பாருங்கள். நான்கு விதம் உண்டு, காரணமும் நான்கு.

### கொம்பும் புள்ளியும் தனித்தனியாகத் துள்ளி வருகின்றன

இது எழுத்து எழுத்தாக வரும் அனிமேஷனால் நேர்வது. டைப்ரைட்டர் வகை அனிமேஷன்கள் ஆங்கிலத்துக்கு ஒவ்வொரு எழுத்தாகக் காட்டும். தமிழில் 'கோ' என்பது கணினிக்கு க என்ற எழுத்தும் ஓகாரக் குறியும் சேர்ந்தது. அனிமேஷன் முதலில் க-வைக் காட்டி, அரை நொடி கழித்து இரட்டைக்கொம்பையும் காலையும் ஒட்டவைக்கும். பார்க்கிறவருக்கு எழுத்து நடுங்குவது போலத் தெரியும். அனிமேஷனை வார்த்தை வார்த்தையாக வருவதற்கு மாற்றுங்கள், அல்லது முழு வரியும் ஒரே வீச்சில் வரட்டும். எழுத்து இடைவெளி என்ற அமைப்பும் பூஜ்யத்தில் இருக்க வேண்டும். அதைக் கூட்டினால் சில ஆப்களில் கொம்பு எழுத்தைவிட்டு விலகி நிற்கும்.

### புள்ளியிட்ட சின்ன வட்டம் தெரிகிறது

அதிகம் பேரைக் குழப்புவது இதுதான். 'வேலூர்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி எழுத்து ர் என்றுதான் இருக்க வேண்டும். ஆனால் பழைய தட்டச்சுப் பழக்கம் உள்ளவர்களும், பழைய ஃபான்ட்டிலிருந்து மாற்றிக் கொடுக்கும் கருவிகளும் துணைக்காலைப் போட்டு அதன்மேல் புள்ளி வைத்துவிடுவது உண்டு. 'வேலூா்' என்று ஆகிவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். சில ஃபான்ட் அதை மன்னித்து ர் போலவே காட்டும். வேறு ஃபான்ட்டுக்கு மாற்றிய அன்றைக்குத்தான் ஊகாரத்துக்குப் பக்கத்தில் புள்ளி வட்டம் எட்டிப்பார்க்கும். ஃபான்ட் கெட்டுவிட்டது என்று நினைத்து ஃபான்ட்டை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். கோளாறு ஃபான்ட்டில் இல்லை, எழுதியதில் இருக்கிறது.

சோதிப்பது எளிது. ஃபோனில் உள்ள நோட்ஸில் அந்த வரியை ஒட்டி, தேடும் கட்டத்தில் நீங்களே 'வேலூர்' என்று புதிதாகத் தட்டித் தேடுங்கள். கண்ணுக்கு முன்னால் சொல் இருந்தும் தேடலில் சிக்கவில்லை என்றால் அது துணைக்காலில் எழுதியது. அழித்துவிட்டுத் திரும்பத் தட்டுங்கள். ஹேஷ்டேகில் இப்படி இருந்தால் இன்னும் மோசம். #வேலூர் என்று தேடுகிறவருக்கு அந்த வீடியோ அந்த ஹேஷ்டேகில் வராது.

### வெறும் கட்டங்கள், அல்லது புரியாத ஆங்கில எழுத்துகள்

கட்டம் தெரிந்தால், தேர்ந்தெடுத்த ஃபான்ட்டில் அந்த எழுத்தே இல்லை. தமிழ் சரியாக வந்து ₹ மட்டும் கட்டமாக வருவது அடிக்கடி நடக்கும். ரூபாய்க் குறி 2010-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய ஃபான்ட்களில் அதற்கு இடமே கிடையாது. ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக வந்தால், ஒட்டிய வரி பாமினி போன்ற பழைய முறையில் தட்டியது. அச்சகத்திலிருந்தோ, கல்யாண ஆல்பம் செய்யும் கடையிலிருந்தோ வாங்கிய வரிகள் இப்படி இருக்கலாம். யூனிகோடுக்கு மாற்றும் கருவியில் போட்டு எடுங்கள். எடுத்தபின் மேலே சொன்ன துணைக்கால் சோதனையையும் மறக்காமல் செய்யுங்கள்.

### கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது

'கெ' என்பதில் கொம்பு க-வுக்கு முன்னால் வராமல் பின்னால் வந்தால், அந்த மென்பொருளுக்கு இந்திய எழுத்துகளைக் கோக்கத் தெரியவில்லை அல்லது அந்த வசதி அணைந்திருக்கிறது. லேப்டாப்பில் பிரீமியர் புரோ வைத்திருந்தால், Preferences-க்குள் Graphics பகுதியில் எழுத்து இயந்திரத்தை South Asian and Middle Eastern என்று மாற்றிவிட்டு, எழுத்து லேயரைப் புதிதாகப் போடுங்கள். ஃபோன் ஆப்பில் இப்படி நேர்ந்தால் முதலில் ஆப்பைப் புதுப்பித்துப் பாருங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் அந்த ஆப்போடு மல்லுக்கட்ட வேண்டாம், வேறு ஆப்புக்கு மாறுங்கள். வெளிநாட்டு வீடியோக்களில் காட்டும் கேப்கட் டெம்ப்ளேட்டைத் தேடி அலையவும் வேண்டாம். 2020 முதல் அது இந்தியாவில் தடைப் பட்டியலில் இருக்கிறது.

எந்த ஃபான்ட்டையும் எந்த ஆப்பையும் டெம்ப்ளேட்டில் பூட்டுவதற்குமுன் இந்த ஒரு வரியைத் தட்டிப் பாருங்கள்:

```
ஸ்ரீபுரம் கோயில், ஜலகண்டேஸ்வரர், முள்ளுக்கத்திரிக்காய் ₹60
```

உடையக்கூடிய எழுத்துகள் பெரும்பாலும் இதில் இருக்கின்றன. ஸ்ரீ ஒரே எழுத்தாகச் சேர வேண்டும். கோ-வில் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் நிற்க வேண்டும். ஸ், ஜ இரண்டும் மற்ற எழுத்துகளின் தடிமனிலேயே வர வேண்டும். மெலிந்து தெரிந்தால் அவை வேறு ஃபான்ட்டிலிருந்து கடன் வாங்கியவை. ளு-வின் அடிப்பகுதி வெட்டுப்படாமல் இருக்க வேண்டும். நான்கும் சரியாக இருந்தால் அந்த ஃபான்ட் உங்கள் டெம்ப்ளேட்டுக்கு ஆகும்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: உங்களுக்கென்று ஒரு லோகோ எழுத்து இருந்து, அது பழைய ஃபான்ட்டில் மட்டும்தான் இருக்கிறது என்றால், டிடிபி தெரிந்தவரிடம் அந்தச் சொல்லை மட்டும் பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக வாங்கி டெம்ப்ளேட்டில் வைத்துவிடுங்கள். தினமும் மாறும் வரிகளுக்கு இந்த வழி ஆகாது.

## அறிகுறி 2: எடிட்டில் தெரிந்த எழுத்து, போஸ்ட் செய்தபின் மறைகிறது

### கீழே உங்கள் பெயரும் ஆடியோ பெயரும் மேலே ஏறி நிற்கின்றன

எழுத்தை மிகவும் கீழே வைத்திருக்கிறீர்கள். ரீல்ஸ் விளம்பரங்களுக்கு மெட்டா சொல்லும் அளவு: மேலே 14 சதவீதம், கீழே 35 சதவீதம், இரு பக்கமும் 6 சதவீதம் காலியாக விடுங்கள் என்பது. 1920-இல் கீழே 35 சதவீதம் என்றால் 672; ஆகவே எழுத்தின் அடி 1248-க்கு மேலே நின்றுவிட வேண்டும். விளம்பரமில்லாத சாதாரண ரீல்ஸுக்கு இவ்வளவு இடம் விடத் தேவையில்லை என்று சிலர் சொல்வார்கள். ஆனால் இடப்பெயர், ஆடியோ பெயர், இரண்டு வரிக் குறிப்பு எல்லாம் சேர்ந்தால் அந்த இடம் நிரம்பிவிடும். டெம்ப்ளேட் என்றால் மிக மோசமான நாளையும் தாங்க வேண்டும், அதனால் 1240 என்று வைத்துக்கொள்வதே நல்லது.

### மேல் வரி பாதி வெட்டுப்படுகிறது

ரீல்ஸை ஃபீடில் பார்க்கும்போது 4:5 அளவுக்கு, அதாவது நடுவிலுள்ள 1350 உயரம் மட்டும் தெரியும்படி வெட்டிக் காட்டும். மேலே 285 போய்விடும். நமது பெட்டி 300-இல் ஆரம்பிப்பது இதனால்தான். விலையை மேல் ஓரத்தில் வைத்திருந்தால், ஃபீடில் பார்க்கிறவருக்கு விலையே தெரியாது.

### வலது ஓரத்தில் கடைசி எழுத்து லைக் பட்டனுக்குள் போகிறது

வரியை நடுவில் வைத்து அகலத்தை மட்டும் கூட்டினால் இப்படி ஆகும். வலது பக்கம் 940-ஐத் தாண்டவிடாதீர்கள்.

மூன்றுக்கும் சேர்த்து ஒரே மருந்து உண்டு. 1080 × 1920 அளவில் பின்னணி இல்லாத ஒரு படம் செய்து, அதில் 100–940, 300–1240 எல்லையில் ஒரு சிவப்புக் கோடு போட்ட பெட்டி வரைந்து, டெம்ப்ளேட்டின் உச்சி லேயராக வைத்துவிடுங்கள். கோட்டுக்குள் எழுத்து இருக்கிறதா என்று ஒரு பார்வை போதும். ஏற்றுமதிக்கு முன்னால் அந்த லேயரை அணைக்க வேண்டும். மறந்தால் சிவப்புக் கட்டத்தோடு வீடியோ வெளியே போய்விடும். இதற்கு ஆள் தேவையே இல்லை.

## அறிகுறி 3: வார்த்தை நடுவில் உடைகிறது, எழுத்து கார்டுக்குக் கார்டு சிறிதாகிறது

டெம்ப்ளேட்டைச் செய்யும்போது 'தக்காளி' என்று போட்டுப் பார்த்திருப்பீர்கள். நன்றாக இருந்திருக்கும். இலவம்பாடி முள்ளுக்கத்திரிக்காய் வரும் நாளில்தான் சிக்கல் தெரியும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற காய், அதைப் போடாமலும் இருக்க முடியாது.

'முள்ளுக்கத்திரிக்காய்' நம் கண்ணுக்கு 11 எழுத்து. கணினி எண்ணுவது 21, ஏனென்றால் புள்ளியையும் கொம்பையும் காலையும் தனித்தனியாக எண்ணுகிறது. ஒரு வரிக்கு இருபது எழுத்து என்று ஆப்பில் எல்லை வைத்திருந்தால், இந்த ஒரே சொல் எல்லையைத் தாண்டிவிடும். ஆப் அதை எங்கேயாவது முறிக்கும். கண்ணால் எண்ணினால் 840 அகலத்தில் 64 அளவு எழுத்து ஒரு வரிக்கு ஏறக்குறைய 12 முதல் 14 வரை கொள்ளும். ஃபான்ட்டுக்கு ஃபான்ட் இது சற்று மாறும். ஆக அந்தச் சொல்லுக்கு ஒரு வரி முழுவதும் வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது தானாகச் சுருக்கும் அமைப்பு. கட்டத்துக்குள் அடங்க எழுத்தைச் சிறிதாக்கும் வசதி ஓடிக்கொண்டிருந்தால், தக்காளி கார்டு பெரிதாகவும் கத்திரிக்காய் கார்டு சிறிதாகவும் வரும். அதை அணையுங்கள். அளவு எல்லா நாளும் 64 தான்.

அடுத்து, வரியை ஆப் முறிக்கவிடாமல் நீங்களே முறியுங்கள். பேசுவது இது: "இலவம்பாடி முள்ளுக்கத்திரிக்காய் இன்னிக்கு கிலோ அறுபது ரூபாய்." இதை ஒரே கார்டில் திணித்தால் மூன்று வரி ஆகும். இரண்டு கார்டாக்குங்கள்:

```
இலவம்பாடி
முள்ளுக்கத்திரிக்காய்

இன்னிக்கு கிலோ
₹60
```

சொல்லையே பிரிக்க வேண்டிய கட்டாயம் வந்தால் 'முள்ளுக்' என்று ஒரு வரி, 'கத்திரிக்காய்' என்று அடுத்த வரி. ஒற்று முதல் வரியோடு போக வேண்டும். 'முள்ளுக்கத்திரி' என்று முறித்து அடுத்த வரியை 'க்காய்' என்று ஆரம்பித்தால் வாசிக்கிற கண் தடுக்கி விழும். தமிழ்ச் சொல் எதுவும் புள்ளி வைத்த எழுத்தில் தொடங்காது, வரியும் தொடங்கக் கூடாது. இந்த ஒரு விதியை மனதில் வைத்தால் போதும்.

35 விநாடிக்கு ஏறக்குறைய 55 சொல் பேசுவீர்கள் என்றால், கார்டுக்கு மூன்று நான்கு சொல்லாக 16 கார்டு ஆகும். ஒரு கார்டு இரண்டு விநாடிக்குச் சற்று மேல் நிற்கும், அது வாசிக்கப் போதுமானது. டெம்ப்ளேட்டில் 16 கார்டை முன்கூட்டியே அடுக்கி வைத்துவிடுங்கள். குறைந்தால் கடைசியிலிருந்து அழிப்பது எளிது. கூட்டுவதுதான் நேரம் பிடிக்கும்.

வரிகளுக்கு நடுவே ளு, ரூ போன்றவற்றின் வாலும் கீழ்வரியின் மேல்விலங்கும் மோதினால் இடைவெளியை 1.35-இலிருந்து 1.45-க்கு ஏற்றுங்கள். ஆங்கிலத்துக்குச் செய்த டெம்ப்ளேட்களில் இது மிகக் குறைவாக இருக்கும்.

## அறிகுறி 4: வாய் ஒன்று சொல்ல, எழுத்து வேறு இடத்தில் வருகிறது

வீடியோவை ஆரம்பம், நடு, முடிவு என்று மூன்று இடத்தில் நிறுத்திப் பாருங்கள். தாமதம் எப்படி இருக்கிறது என்பதிலேயே காரணம் தெரிந்துவிடும்.

### மூன்று இடத்திலும் ஒரே அளவு தாமதம்

முன்பகுதியில் நீங்கள் வெட்டிய அல்லது சேர்த்த துண்டு காரணம். எல்லாக் கேப்ஷனையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து, முதல் சொல்லுக்கு நேராக நகர்த்துங்கள். ஒரு நிமிட வேலை.

### ஓரிடம் வரை சரி, அதற்குமேல் தவறு

கேப்ஷன் போட்டபின் நடுவில் இருமலையோ பஸ் ஹாரனையோ வெட்டியிருக்கிறீர்கள், ஆனால் எழுத்து லேயர் வீடியோவோடு சேர்ந்து நகரவில்லை. வெட்டிய இடத்துக்குப் பின்னால் இருப்பவற்றை மட்டும் நகர்த்துங்கள்.

### போகப்போகத் தாமதம் கூடுகிறது

இதற்கு உடனே பிரேம் ரேட்டைக் குறை சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படியில்லை. 30-க்கும் 29.97-க்கும் உள்ள வித்தியாசம் 35 விநாடியில் 0.035 விநாடிதான். கண்ணுக்கே தெரியாது. குறு வீடியோவில் உண்மையான காரணம் பெரும்பாலும் வேகம். கேப்ஷன் எல்லாம் போட்டு முடித்தபின், பேச்சு மெதுவாக இருக்கிறதே என்று வீடியோவை மட்டும் 1.1 மடங்கு ஓட்டியிருப்பீர்கள். பத்தாவது விநாடியில் சொன்னது 9.1-க்கு வந்துவிடும். முப்பதாவது விநாடியில் சொன்னது 27.3-க்கு வந்துவிடும். எழுத்து பழைய இடத்திலேயே நிற்பதால் முதலில் ஒரு விநாடிக்குள் இருந்த பிசகு கடைசியில் 2.7 விநாடி ஆகிவிடுகிறது.

முறை இதுதான்: வெட்டு, பிறகு வேகம், பிறகுதான் கேப்ஷன். ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால், வேகத்தைப் பழைய 1-க்கே கொண்டுவந்து கேப்ஷனோடு ஏற்றுமதி செய்து, அந்த முழு வீடியோவைப் புது புராஜெக்டில் 1.1-இல் ஓட்டுங்கள். எழுத்தும் சேர்ந்தே வேகமாகும்.

வேகத்தைத் தொடவே இல்லை, ஆனாலும் கூடுகிறது என்றால் மட்டும் ஃபோன் கேமராவைச் சந்தேகப்படுங்கள். வெளிச்சம் குறைந்த இடத்தில் ஃபோன் பிரேம் எண்ணிக்கையை ஏற்றி இறக்கும். கூரை போட்ட கடைக்குள் எடுத்த வீடியோவில் இது நடக்கலாம். லேப்டாப்பில் நிலையான 30-க்கு மாற்றிவிட்டு எடிட் செய்யுங்கள்:

```
ffmpeg -i in.mp4 -vf fps=30 -c:v libx264 -crf 18 -c:a aac out.mp4
```

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: மாற்றியபின்னும் ஒலியும் வாயசைவுமே ஒன்றுசேரவில்லை என்றால் அது கேப்ஷன் பிரச்சினை இல்லை. வெளி மைக்கோ ஃபோனோ காரணம். இன்னொரு ஃபோனில் அதே மைக்கை மாட்டி ஒரு நிமிடம் எடுத்துப் பாருங்கள். அங்கேயும் விலகினால் மைக், விலகவில்லை என்றால் ஃபோன். அதற்குப் பிறகு சர்வீஸ் கடைக்குப் போகலாம்.

## அறிகுறி 5: நேற்றைய விலை இன்றைய வீடியோவில் வந்துவிடுகிறது

இந்தப் பட்டியலிலேயே மிகக் கெட்ட பிழை இதுதான். எழுத்து உடைந்தால் பார்க்கிறவர் பொறுத்துக்கொள்வார். விலை தவறினால், அதை நம்பி மார்க்கெட்டுக்குப் போனவர் கடைக்காரரோடு தகராறு செய்துவிட்டு வருவார். பிறகு உங்கள் வீடியோவைத் திறக்கமாட்டார்.

காரணம் எப்போதும் ஒன்றே. நேற்றைய புராஜெக்டைத் திறந்து, அதன்மேலேயே இன்றைய வார்த்தையைத் தட்டுகிறீர்கள். விலை மூன்று இடத்தில் இருக்கும்: முதல் கார்டு, நடுக் கார்டு, முகப்புப் படம். இரண்டை மாற்றிவிட்டு மூன்றாவதை விட்டுவிடுவது மிக எளிது, ஏனென்றால் நேற்றைய விலையும் பார்ப்பதற்குச் சரியான விலை போலத்தான் இருக்கும். ₹55 என்று இருந்தால் கண் அதைக் கடந்துபோய்விடும்.

ஆகவே மூல டெம்ப்ளேட்டில் உண்மையான விலை எதுவும் இருக்கவே கூடாது. மாறக்கூடிய ஒவ்வோர் இடத்திலும் கண்ணைக் குத்தும் அடையாளம் ஒன்று போடுங்கள். @@காய்@@, @@விலை@@, @@தேதி@@ என்று வைத்தால், விட்டுப்போன இடம் வீடியோவில் பளிச்சென்று தெரியும். மூலத்துக்கு '00 தொடாதே' என்று பெயர் வைத்து, தினமும் அதை நகலெடுத்துத்தான் திறக்க வேண்டும். நகலின் பெயரில் தேதி இருக்கட்டும். ஏற்றுமதிக்கு முன்னால் ஒலியை அணைத்துவிட்டு ஒருமுறை முழுதாக ஓடவிடுங்கள், 35 விநாடிதான். ஒலி இருந்தால் காது விலையைச் சரியாகக் கேட்டுவிடும், கண் எழுத்தைப் படிக்காது.

முகப்புப் படம் தனி. அது பல ஆப்களில் டைம்லைனுக்கு வெளியே இருப்பதால் இந்த ஓட்டத்தில் வராது. அதில் விலையையே போடாதீர்கள். 'இன்றைய விலை' என்று பொதுவாக எழுதி, காயின் படத்தை மட்டும் மாற்றுவது பாதுகாப்பு.

லேப்டாப்பில் எஸ்ஆர்டி கோப்பாக வைத்து வேலை செய்பவருக்கு இது இன்னும் சுலபம். லினக்ஸிலோ விண்டோஸின் கிட் பேஷிலோ:

```
sed -e 's/@@விலை@@/₹60/g' -e 's/@@தேதி@@/ஜூன் 12/g' \
    -e 's/@@காய்@@/முள்ளுக்கத்திரிக்காய்/g' master.srt > today.srt
grep -n '@@' today.srt
grep -n 'ா்' today.srt
```

இரண்டாவது கட்டளை ஏதாவது வரியைக் காட்டினால் அங்கே நிரப்பாமல் விட்டிருக்கிறீர்கள். மூன்றாவது காட்டினால், முதல் அறிகுறியில் சொன்ன துணைக்கால் பிழை அந்த வரியில் இருக்கிறது. இரண்டுமே எதுவும் காட்டாமல் திரும்பினால் எடிட்டருக்குள் இழுத்துப் போடலாம். கோப்பை யூடிஎஃப்-8 முறையில்தான் சேமிக்க வேண்டும். இல்லையேல் தமிழ் முழுதும் கேள்விக்குறியாகிவிடும்.

எடிட்டர் திறந்தவுடன் ஃபான்ட் மாறியிருந்தால், வேறு கணினியிலோ புது ஃபோனிலோ அந்த ஃபான்ட் நிறுவப்படவில்லை என்று பொருள். ஃபான்ட் கோப்பையும் மூல டெம்ப்ளேட்டையும் ஒரே ஃபோல்டரில் வைத்து, கூகுள் டிரைவில் ஒரு பிரதி வைத்திருங்கள்.

## அறிகுறி 6: தானாக எழுதும் கேப்ஷன் ஊர்ப்பெயரைக் கெடுக்கிறது, தலைப்பை யூடியூப் ஏற்க மறுக்கிறது

பேச்சைக் கேட்டுத் தானாக எழுதும் வசதியைப் பயன்படுத்தினால், திருத்த வேண்டியது பெரும்பாலும் பெயர்கள்தான். பொய்கை 'பொய் கை' என்று பிரியலாம். அணைக்கட்டு என்ற ஊரா, ஆற்றின் குறுக்கே இருக்கும் அணையா என்பது வாக்கியத்தைப் படித்தால்தான் தெரியும். சத்துவாச்சாரி ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதமாக வரும். நீங்கள் வழக்கமாகச் சொல்லும் இருபது முப்பது பெயரைச் சரியான எழுத்தில் நோட்ஸில் ஒரு பட்டியலாக வைத்து, அங்கிருந்து எடுத்து ஒட்டுங்கள். ஒவ்வொரு முறையும் தட்ட வேண்டாம். பேச்சு இரைச்சலில் மூழ்கும் நாளில் தானியங்கி வசதியை விட்டுவிட்டு, 16 கார்டையும் கையால் நிரப்புவதே வேகம். மார்க்கெட் இரைச்சல் தினமும் இருக்கும் என்றால் சட்டையில் குத்தும் மைக் ஒன்று வாங்குங்கள். இந்த அறிகுறிக்குக் காசு செலவாகும் ஒரே இடம் அது.

யூடியூப் தலைப்புக்கு எல்லை 100. இங்கேயும் கணினியின் கணக்குதான். 'இலவம்பாடி முள்ளுக்கத்திரிக்காய் இன்றைய விலை | வேலூர் நேதாஜி மார்க்கெட்' என்பதில் நம் கண்ணுக்கு 34 எழுத்து. இடைவெளியோடு கணினி எண்ணுவது 70. இன்னும் 30 தான் மிச்சம், அதாவது 15 தமிழ் எழுத்து. ஆகவே டெம்ப்ளேட் தலைப்பின் நிலையான பகுதி, 'இன்றைய விலை | வேலூர் நேதாஜி மார்க்கெட்' என்ற அளவுக்கு மேல் நீள வேண்டாம். காயின் பெயர் முன்னால் வரட்டும். நீளத் தலைப்பு ஃபோனில் பாதியில் வெட்டுப்படும்போது, வெட்டுப்படுவது மார்க்கெட் பெயராக இருந்தால் நஷ்டம் இல்லை.

குறிப்புப் பகுதியில் லிங்க் போட்டு அழுத்தினால் வேலை செய்யவில்லை என்றால் அது உங்கள் பிழை அல்ல. ஷார்ட்ஸின் விவரக் குறிப்பிலும் கருத்துகளிலும் உள்ள லிங்க்குகளை 2023 ஆகஸ்ட் இறுதியிலிருந்து யூடியூப் அழுத்த முடியாதபடி செய்துவிட்டது. இன்ஸ்டாகிராமிலும் குறிப்பில் போடும் லிங்க் வெறும் எழுத்துதான். அந்த வரியை டெம்ப்ளேட்டிலிருந்து எடுத்துவிட்டு, லிங்க்கைப் பக்கத்தின் பயோவில் வையுங்கள்.